பில்லில் இருப்பது யாருடைய நம்பர்?

மதுரையில் ஒரு ஹார்டுவேர் கடை. மாதாமாதம் நூற்றுக்கணக்கில் கொள்முதல் பில்கள் வருகின்றன. கடைக்காரர் வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். இதுதான் உள்ளீட்டு வரி வரவு. கடைத்தெருவில் ‘இன்புட்’ என்பார்கள். பில்களை ஸ்கேன் செய்து நம்பர், வரி விகிதம், தொகை ஆகியவற்றைப் பிரித்தெடுக்க இப்போது மென்பொருள்கள் இருக்கின்றன. அவை எடுத்துத் தருவதை அப்படியே நம்பிவிட முடியாது. ஆனால் பில்லுக்குள்ளேயே அதைச் சோதிக்க வழி இருக்கிறது.

முதலில் ஜிஎஸ்டி நம்பர். இதில் 15 எழுத்துகள். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் வியாபாரியின் பான் எண்: ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து. எந்த இடத்தில் எழுத்து, எந்த இடத்தில் இலக்கம் என்பது பெரும்பாலும் நிச்சயம் என்பதால், B-ஐ 8 என்றோ S-ஐ 5 என்றோ மென்பொருள் படித்தால் உடனே தெரிந்துவிடும். 1-ஐ 7 என்று படித்தால்? வடிவம் கெடாது. அதைப் பிடிக்கத்தான் கடைசி எழுத்து. முதல் 14 எழுத்துகளை வைத்து ஒரு கணக்குப் போட்டால் பதினைந்தாவது எழுத்து வந்துவிடும். 33ABCDE1234F1Z7 என்று ஒரு கற்பனை நம்பரை எடுத்துக்கொள்வோம். எட்டாவது இடத்திலுள்ள 1-ஐ 7 என்று படித்தால் கணக்குப்படி கடைசியில் V வர வேண்டும். பில்லில் 7 இருக்கிறது. அந்த பில்லைத் தனியே எடுத்து வைத்துக் கண்ணால் பார்க்க வேண்டியதுதான்.

இ-இன்வாய்ஸ் பில்லாக இருந்தால் வேலை இன்னும் சுலபம். அதிலுள்ள க்யூஆர் குறியீட்டில் விற்பவர், வாங்குபவர் இருவரின் நம்பரும், பில் எண்ணும், தேதியும், மொத்தத் தொகையும் இருக்கும். சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி தனித்தனியாக எவ்வளவு என்பது மட்டும் அதில் இருக்காது. அதை அச்சிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

எடுத்த தொகை சரியா என்று பார்க்கப் பெருக்கல் போதும். ஒரு பில்லில் சரக்கு 42,000 ரூபாய், லாரி வாடகை 500, இரண்டும் சேர்த்து 42,500. இதற்கு சிஜிஎஸ்டி 9 சதவீதம் 3,825, எஸ்ஜிஎஸ்டி அதேபோல 3,825, மொத்தம் 50,150. மென்பொருள் வாடகையைக் கவனிக்காமல் 42,000-ஐ வரிக்குரிய மதிப்பாக எடுத்துக்கொண்டால் 9 சதவீதம் 3,780 ஆகும். பில்லில் இருப்பதற்கு 45 ரூபாய் குறைகிறது. 500-க்கு 9 சதவீதம் 45 என்பதால், எது விடுபட்டது என்பதும் தெரிந்துவிடுகிறது. பைசா முழுமையாக்கலுக்காக ஒரு ரூபாய் வித்தியாசத்தை விட்டுவிடலாம். அதற்கு மேல் விடக்கூடாது.

கணக்கு நேரானதும் இன்புட் கிடைத்துவிட்டது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அங்கேதான் சிக்கல். ஒரு பில்லில் இரண்டு மூன்று ஜிஎஸ்டி நம்பர்கள் இருக்கும்: விற்பவருடையது, வாங்குபவருடையது, சில சமயம் சரக்கு இறங்கும் இடத்துக்கு உரியது. வாங்குபவர் இடத்தில் நம் நம்பர்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடம் காலியாக இருந்தால் விற்பவர் அதைச் சாதாரண நுகர்வோர் விற்பனையாகவே கணக்கில் காட்டுவார். அது நமது ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் வராது. 2022 ஜனவரி முதல், விற்பவர் தன் கணக்கில் காட்டி நமக்குத் தெரிவிக்கப்பட்ட பில்லுக்குத்தான் வரவு.

மாநிலக் குறியீட்டையும் வரியின் வகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடைக்காரர் வியாபார வேலையாக பெங்களூரு போய் ஓட்டலில் தங்குகிறார். பில்லில் ஓட்டலின் நம்பர் 29-இல் தொடங்குகிறது, இவருடையது 33. ஆனாலும் வரி ஐஜிஎஸ்டி அல்ல. சிஜிஎஸ்டியும் கர்நாடக எஸ்ஜிஎஸ்டியும்தான். தங்கும் அறைக்கு, ஓட்டல் இருக்கும் மாநிலமே சேவை பெற்ற இடம். பில்லில் பிழை ஏதும் இல்லை, நம்பர்களும் சரி, கூட்டலும் சரி. இருந்தும் மதுரைக் கடையின் பதிவில் இந்த வரியைக் கழிக்க முடியாது. எழுத்துகளை மட்டும் படிக்கும் மென்பொருள் இதை ‘தகுதி உண்டு’ என்று தள்ளிவிடும். விகிதமும் தொகையும் சொல்லாததை இடம் சொல்கிறது. சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளும் அப்படித்தான்: பில் கச்சிதமாக இருக்கும், வரவு கிடைக்காது.

விடுபட்ட நம்பரை விற்பவரைக் கொண்டு திருத்த முடியும். அதற்கும் கெடு உண்டு. ஒரு நிதியாண்டின் பில்லுக்கு வரவு எடுக்க, அடுத்து வரும் நவம்பர் 30 அல்லது ஆண்டு அறிக்கை தாக்கல் செய்யும் நாள், இவற்றில் எது முந்தியோ அதுவே கடைசி நாள். ஆகவே ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி வாக்கில் 2பி பட்டியல் வந்தவுடன் பில்களோடு ஒத்துப் பாருங்கள். வராதவற்றுக்கு அன்றே சப்ளையருக்குப் போன் போடுங்கள்.