கைப்பேசியில் டிராயிங், கையில் டேப்

கான்கிரீட் போட்ட பிறகு படிக்கட்டில் 150 மில்லிமீட்டர் இடிக்கிறது என்று தெரிந்தால், உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை. செண்டரிங் அடிக்கும் முன்பே தெரிந்தால் ஒரு போன் காலோடு வேலை முடிந்துவிடும். சைட் இன்ஜினியர்கள் இப்போது கைப்பேசியிலோ டேப்லெட்டிலோ டிராயிங்கைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பது இதற்காகத்தான்.

ஆட்டோகேட் மென்பொருள் 1982-இல் வந்தது. கைப்பேசியில் அதே கோப்பைத் திறக்கும் வசதியை அந்த நிறுவனம் 2010-இல் கொண்டுவந்தது. இன்று DWG கோப்பைத் திறந்து காட்டும் செயலிகள் பல உண்டு; அளந்து பார்க்கவும் குறிப்பு எழுதவும் பெரும்பாலானவற்றில் முடியும். காகிதத்தில் அச்சிட்ட அளவு மட்டும்தான் தெரியும். இங்கே எழுதாத அளவையும் கோட்டைத் தொட்டு எடுக்கலாம். வசதியும் அதுதான், வில்லங்கமும் அதுதான்.

ஒரு மாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். தளத்துக்குத் தளம் உயரம் 3000 மி.மீ. ஒரு படி 150 மி.மீ. உயரம் என்றால் 20 ஏற்றம். பாதியில் திரும்பும் படிக்கட்டு என்பதால் பக்கத்துக்கு 10. பத்து ஏற்றத்துக்கு நடுவில் ஒன்பது மிதி. மிதி ஒன்று 250 என்றால் 2250. அதோடு திரும்பும் லேண்டிங் 1000. ஆக, படிக்கட்டுக்கு நீளவாக்கில் 3250 மி.மீ. வேண்டும். டிராயிங்கிலும் 3250 என்றே எழுதியிருக்கிறது. ஆனால் செயலியில் இரு முனைகளையும் தொட்டால் 3100 என்று வருகிறது.

எது தப்பு? முதலில் சந்தேகப்பட வேண்டியது விரலைத்தான். 3097.42 போல ஒழுங்கில்லாத எண் வந்தால், கோட்டின் முனை சரியாகப் பிடிபடவில்லை என்று அர்த்தம். பெரிதாக்கி, முனையைப் பிடிக்கும் ‘ஸ்னாப்’ வசதியை இயக்கி மறுபடி தொட வேண்டும். அடுத்து, சந்தேகமில்லாத ஓர் அளவை, உதாரணமாக ஒன்பது இன்ச் சுவரை, அளந்து பார்க்க வேண்டும். 230 என்று வந்தால் சரி. 9 என்று வந்தால் கோப்பு இன்ச்சில் வரைந்தது. ஒரு மூலையில் பெரிதாக்கி வரைந்த டீட்டெயில் படத்தில் அதே சுவர் 920 என்றுகூட வரும். அங்கே நாலு மடங்காக வரைந்திருப்பார்கள். அத்தகைய படத்தில் எழுத்தை மட்டும் நம்ப வேண்டும்.

இங்கே சுவர் 230 என்றே வருகிறது, 3100-ம் துல்லியமாக நிற்கிறது. அப்படியானால் கோடும் எழுத்தும் ஒத்துப்போகவில்லை. சில செயலிகளில் அந்த அளவுக் குறியைத் தொட்டால், கோட்டின் உண்மையான நீளமும் கையால் தட்டச்சு செய்த எண்ணும் தனித்தனியாகத் தெரியும். பக்கத்துச் சமையலறையைப் பெரிதாக்க யாரோ சுவரை 150 நகர்த்தியிருக்கலாம். கையால் அடித்த எண் அதோடு மாறாது.

‘எழுதிய அளவையே பின்பற்றவும்’ என்று பல டிராயிங்குகளில் ஒரு குறிப்பு இருக்கும். பின்பற்றினால் சமையலறை 150 குறையும். கோட்டின்படி கட்டினால் லேண்டிங் 850 ஆகும். 900 அகலப் படியில் ஏறிவருபவருக்கு 850-இல் திரும்ப வேண்டிய நிலை. இதைத் தீர்மானிப்பது செயலியின் வேலையும் இல்லை, மேஸ்திரியின் வேலையும் இல்லை. டிராயிங் போட்டவர்தான் சொல்ல வேண்டும்.

அவரிடம் கேட்கும் விதத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. அந்த இடத்தைச் சுற்றி மேகம்போல் ஒரு வளையம் போட்டு, அசல் கோடுகளைத் தொடாமல் தனி லேயரில் இப்படி எழுதலாம்: “படிக்கட்டு, தரைத்தளம். எழுதியது 3250, கோட்டில் 3100. லேண்டிங் 1000-ஆ, 850-ஆ? சமையலறைச் சுவர் நகர்ந்ததா? செண்டரிங் நிறுத்தி வைத்திருக்கிறோம்.” ‘அளவு சரியில்லை, பார்க்கவும்’ என்று எழுதினால் பதிலுக்கு இன்னொரு கேள்விதான் வரும். குறித்த பிறகு PDF-ஆகவும் அனுப்புவது நல்லது. எதிர்த்தரப்பில் எந்தச் செயலி இருந்தாலும் வளையம் தெரியும்.

டேப்பைக் கீழே வைக்கும் காலம் இன்னும் வரவில்லை. டிராயிங்கில் பெரும்பாலும் செங்கல் முகத்திலிருந்து செங்கல் முகம்வரை அளவு இருக்கும். இரு பக்கமும் 12 மி.மீ. பூச்சு ஏறினால் 3250 என்பது 3226 ஆகிவிடும். சைட்டில் டேப் காட்டும் எண்ணைத் திரையோடு ஒப்பிடும்போது பூச்சுக்கு முன்பா பின்பா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

திறந்த படத்தில் பில்லர்களே காணோம் என்றால் பதற வேண்டாம். அவை வேறொரு கோப்பிலிருந்து இணைக்கப்பட்டிருக்கும். வாட்ஸ்அப்பில் ஒற்றைக் கோப்பாக அனுப்பினால் கூடவே வராது. அலுவலகத்தில் இருப்பவர் `ETRANSMIT` கட்டளையில் இணைப்புகளையும் எழுத்துருக்களையும் சேர்த்துக் கட்டி அனுப்ப வேண்டும்.

திருத்திய டிராயிங் வந்ததும் பழைய கோப்பைக் கைப்பேசியிலிருந்து அழித்துவிடுங்கள். ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருந்தால், அடுத்த நாள் காலையில் திறப்பது எது என்று யாருக்கும் நிச்சயம் சொல்ல முடியாது. அளக்கும் முன் மூலையில் உள்ள திருத்த எண்ணையும் தேதியையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.