ஓடுமுன் ஒன்று, ஓடியபின் ஒன்று

நூறு மீட்டர் ஓட்டம் தொடங்கக் கால் மணி நேரம் இருக்கிறது. நீங்கள் மைதான ஓரத்தில் அமர்ந்து, காலை நீட்டி, கால் பெருவிரலைத் தொட்டபடி இரண்டு நிமிடம் அசையாமல் இருக்கிறீர்கள். பயிற்சி நல்லதுதான், செய்யும் நேரம்தான் சரியில்லை. ஏன்?

இப்படித் தசையை இழுத்து, அதே நிலையில் நிறுத்துவது நிலை நீட்டல். காலை முன்னும் பின்னும் வீசி, தசையை நீளச் செய்து உடனே சுருங்க விடுவது இயங்கு நீட்டல்.

ஒரு பாலித்தீன் கீற்றைச் சற்றே இழுத்து, அந்த நீளத்திலேயே பிடித்திருங்கள். விரல்களில் உணரும் இழுவிசை மெல்லக் குறையும். இழுத்து நிறுத்திய தசையிலும் இதுபோல் விறைப்பு தளர்கிறது. அத்துடன், முழு வலிமையுடன் சுருங்கும்படி அத்தசைக்கு வரும் நரம்புக் கட்டளையும் சிறிது நேரம் குறைகிறது.

வேக ஓட்டத்தில் பாதம் தரையில் படுவது ஏறக்குறைய பத்தில் ஒரு விநாடிதான். அதற்குள் தசையின் விசை எலும்பை எட்டவேண்டும். தொய்ந்த கயிற்றால் வாளியை இழுத்தால், முதலில் தொய்வு தீர்ந்த பிறகுதானே வாளி நகரும்? ஒரு தசையை 60 விநாடிக்கு மேல் நீட்டி நிறுத்தினால், அதன் பிறகு சிறிது நேரத்துக்கு அதன் வலிமை சுமார் 4 முதல் 5 சதவீதம் குறைவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. 30 விநாடிக்குள் என்றால் இழப்பு மிகச் சிறியது.

ஆகவே ஓடுமுன் செய்யவேண்டியது இதுதான். முதலில் ஐந்து நிமிடம் மெதுவாக ஓடுங்கள். சூடேறிய தசை விரைவாகச் சுருங்கும். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் பத்து முறை வீசுங்கள். முதல் வீச்சு சிறிது, கடைசி வீச்சு பெரிது. அடுத்து, முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி இருபது அடி நடங்கள். இறுதியில் இரண்டு மூன்று குறுகிய ஓட்டங்கள், ஒவ்வொன்றிலும் வேகத்தைக் கூட்டி.

காலை வெடுக்கென்று உதறாதீர்கள். திடீரென இழுபடும் தசை, தன்னைக் காத்துக்கொள்ள அனிச்சையாகச் சுருங்கும். நீட்டலும் சுருக்கமும் மோதினால் தசை காயப்படலாம்.

நிலை நீட்டலை ஓடி முடித்தபின் வைத்துக்கொள்ளுங்கள். தசை அப்போது சூடாக இருக்கிறது. உடனே வேகம் காட்டவேண்டிய தேவையும் இல்லை. தொடையின் பின்தசையை 30 விநாடி நீட்டி, இளைப்பாறி, மும்முறை செய்யுங்கள். தொடை நடுவில் இழுப்பு தெரியலாம். முழங்காலுக்குப் பின்னால் சுரீரென்றாலோ மரமரத்தாலோ நிறுத்திவிடுங்கள். அது நரம்பு இழுபடுவதன் அறிகுறி.

இதனால் மறுநாள் வலி வராது என்று எண்ணவேண்டாம். அந்த வலி அநேகமாகக் குறைவதில்லை. பல வாரங்கள் தொடர்ந்து செய்தால் மூட்டுகள் வளையும் அளவு கூடும். நிலை நீட்டலின் பயன் அதுவே.