யார் தப்பு எவ்வளவு என்பதை அவர்கள் பேசிக்கொள்ளட்டும்

விழுப்புரம் தாண்டி நான்குவழிச் சாலையில் இரவு நேரத்தில் ஓர் அரசுப் பேருந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் கொஞ்சம் அதிகம். முன்னால் போன லாரி இண்டிகேட்டர் போடாமல் வலப்பக்கம் திரும்புகிறது. பேருந்து அதன் பின்பக்கத்தில் மோதுகிறது. மூன்றாவது வரிசை இருக்கையில் இருந்த தையல்காரர் ஒருவர் இறந்துபோகிறார். மனைவி மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில், கோர்ட்டு வட்டாரத்தில் எம்.சி.ஓ.பி. என்று சொல்லும் மனுவைப் போடுகிறார். லாரிதான் திடீரென்று திரும்பியது என்கிறது போக்குவரத்துக் கழகம். இடைவெளி விடாமல் வந்த பேருந்து டிரைவர்தான் காரணம் என்கிறது லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி. வாய்தா மேல் வாய்தா போகிறது.

அந்த அம்மாவுக்கு ஒரே கேள்விதான். "எங்க வீட்டுக்காரர் சும்மா சீட்டுலதானே உட்கார்ந்திருந்தார்? இவங்க சண்டையில எனக்கு என்ன?"

சட்டமும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. தன் பக்கம் எந்தத் தவறும் இல்லாத ஒருவருக்கு இரண்டு பேருடைய கவனக்குறைவு சேர்ந்து ஒரே கேட்டை உண்டாக்கினால், இருவரும் முழு இழப்பீட்டுக்கும் பொறுப்பு. பாதிக்கப்பட்டவர் இருவர் மீதும் வழக்குப் போடலாம், ஒருவர் மீது மட்டுமும் போடலாம். யாரிடமிருந்து வேண்டுமானாலும் முழுத் தொகையையும் வசூலிக்கலாம். இரண்டு தடவை வாங்க முடியாது, அவ்வளவுதான். இதைத்தான் தீர்ப்புகளில் "கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு" என்று எழுதுகிறார்கள். பேருந்தும் டிரெய்லர் லாரியும் மோதிய கென்யேய் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2015 மே மாதம் இதைத் தெளிவாக நிலைநாட்டியது. குற்றவாளிகளுக்குள் யாருக்கு எத்தனை சதவீதம் என்ற பிரிவினையைப் பாதிக்கப்பட்டவர் தலையில் கட்டக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இதன் பலம் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். தீர்ப்பாயம் மொத்த இழப்பீடு 20 லட்சம் ரூபாய் என்று முடிவு செய்கிறது. தவறு பேருந்துக்கு 70 சதவீதம், லாரிக்கு 30 சதவீதம் என்று வைக்கிறது. அந்த அம்மா லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனியிடமே 20 லட்சத்தையும் கேட்கலாம். தங்கள் டிரைவரின் தவறு 30 சதவீதம்தான், எனவே 6 லட்சம்தான் கட்டுவோம் என்று கம்பெனி அவரிடம் சொல்ல முடியாது. 20 லட்சத்தையும் கட்டிவிட்டு, அதில் 14 லட்சத்தைப் போக்குவரத்துக் கழகத்திடம் கம்பெனி வசூலித்துக்கொள்ள வேண்டும். இரு தரப்பும் வழக்கில் எதிர்மனுதாரர்களாக இருந்து, சதவீதமும் அதே வழக்கில் முடிவாகிவிட்டால், இந்த வசூலுக்குப் புது வழக்கு தேவையில்லை. அதே தீர்ப்பின் நிறைவேற்று மனுவிலேயே கேட்டு வாங்கலாம். அந்த அம்மா கழகத்தின் மீது மட்டும் வழக்குப் போட்டிருந்தால் கதை வேறு. லாரிக்காரர் இல்லாத இடத்தில் அவருடைய தவறு எத்தனை சதவீதம் என்று தீர்ப்பாயம் அளக்கக் கூடாது. கழகம் முழுத் தொகையையும் கட்டிவிட்டு, லாரிக்காரர் மீது தனியாக ஒரு வழக்குத் தொடர வேண்டும். இரண்டு நிலையிலும் அலைச்சல் குற்றவாளிக்குத்தான்.

தவறாக எழுதப்பட்ட தீர்ப்பு என்ன செய்யும் என்பதையும் இதே கணக்கில் பாருங்கள். கழகம் 70 சதவீதமும் லாரி உரிமையாளர் 30 சதவீதமும் தனித்தனியே கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. லாரிக்கு இன்சூரன்ஸ் காலாவதி, உரிமையாளர் பெயரில் ஒரு சென்ட் நிலமும் இல்லை. அந்த அம்மாவுக்கு 14 லட்சம் வரும், 6 லட்சம் காகிதத்திலேயே கிடக்கும். கணவரை இழந்தவர், ஓட்டாண்டியான ஒருவரை நம்பி நஷ்டப்பட வேண்டும் என்று ஆகிறது. கூட்டுப் பொறுப்பு என்ற விதி தடுக்க நினைப்பது இதைத்தான். வராத கடனைச் சுமக்க வேண்டியவர் இன்னொரு குற்றவாளியே தவிர, பாதிக்கப்பட்டவர் அல்ல. இது எனக்கு மிகச் சரியான நியாயமாகத் தோன்றுகிறது. உத்தரவின் கடைசிப் பத்தி இப்படித் தவறாக இருந்தால் 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

குற்றவாளிகள் தங்களுக்குள் பங்கு கேட்கலாம் என்பது இன்று இயல்பாகத் தெரிகிறது. ஆனால் இங்கிலாந்தில் நெடுங்காலம் அது முடியாது. 1799-இல் மெர்ரிவெதர், நிக்சன் என்ற இருவர் ஓர் ஆலைக்குச் செய்த சேதத்துக்காக 840 பவுண்டு தீர்ப்பானது. முழுத் தொகையும் மெர்ரிவெதரிடமே வசூலிக்கப்பட்டது. பாதியைக் கொடு என்று அவர் நிக்சன் மீது வழக்குப் போட்டபோது, தவறு செய்தவர் இன்னொரு தவறு செய்தவரிடம் பங்கு கேட்டு நீதிமன்றத்துக்கு வர முடியாது என்று தள்ளிவிட்டார்கள். ஆக, யாரைப் பிடிப்பது என்று வாதி தேர்ந்தெடுத்தாரோ அவர் தலையில் முழுவதும் விழுந்தது, மற்றவர் தப்பித்தார். 1935-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத்தான் அங்கே அது மாறியது. இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. ஆனாலும் அந்தப் பழைய ஆங்கில விதி இங்கே பொருந்தாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1951-இலேயே சொல்லிவிட்டது. ஒன்று மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: தன் பங்குக்கு மேல் கையிலிருந்து கட்டிய பிறகுதான் மற்றவரிடம் பங்கு கேட்கும் உரிமை பிறக்கிறது.

இதுவரை சொன்னது எல்லாம் பாதிக்கப்பட்டவரிடம் தவறே இல்லாத நிலை. அவரும் தவறு செய்திருந்தால் கணக்கு மாறும். அங்கேதான் வழக்கறிஞர்களே சில நேரம் குழம்புகிறார்கள். ஒரே பைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் ஓட்டுகிறார், தம்பி பின்னால் உட்கார்ந்திருக்கிறார். குறுக்குச் சாலையில் லாரி மோதி இருவருக்கும் பலத்த காயம். பார்க்காமல் வந்த லாரிக்கு 60 சதவீதம், நிதானிக்காமல் நுழைந்த அண்ணனுக்கு 40 சதவீதம் தவறு என்று முடிவாகிறது. அண்ணனின் இழப்பீட்டில் அவருடைய சொந்தத் தவறான 40 சதவீதம் கழிக்கப்படும். 10 லட்சம் என்றால் 6 லட்சம்தான் கிடைக்கும். தம்பிக்கு ஒரு ரூபாய்கூடக் கழிக்கக் கூடாது. அவரைப் பொறுத்தவரை அண்ணனும் லாரி டிரைவரும் சேர்ந்து தவறு செய்த இருவர். அவர் லாரித் தரப்பிடமே முழுத் தொகையையும் வாங்கலாம். ஒரே விபத்து, ஒரே சாட்சிகள், ஆனால் இரண்டு மனுக்களில் இரண்டு முடிவு.

தம்பிக்கு இந்த உரிமை எவ்வளவு முக்கியம் என்பது பைக்கின் பாலிசியைப் பார்த்தால் புரியும். வெறும் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்த பைக்கில் பின்னால் உட்கார்ந்து வருபவர் அந்தப் பாலிசிக்குள் வர மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் திலக் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. நம் தெருக்களில் ஓடும் பழைய பைக்குகள் பலவற்றுக்கும் அந்தப் பாலிசிதான். பொறுப்பு தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருந்தால் தம்பியின் 40 சதவீதத்தை அண்ணன் சொந்தக் காசில்தான் கொடுக்க வேண்டியிருக்கும். கூட்டுப் பொறுப்பு இருப்பதால் லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி முழுவதையும் தர வேண்டும். கம்பெனி பிறகு அண்ணனிடம் பங்கு கேட்கலாம் என்பதும் உண்மை, அதை மறைத்துப் பயனில்லை. பைக்கில் மூன்று பேர் வந்தார்கள் என்று சொல்லியும் கம்பெனிகள் தொகையைக் குறைக்கப் பார்க்கும். மூன்று பேர் ஏறியது சட்டமீறல்தான். ஆனால் அது விபத்துக்கோ காயத்துக்கோ காரணமாக இருந்தது என்று காட்டினாலொழிய, பின்னால் இருந்தவரின் தொகையைக் குறைக்கக் கூடாது என்று 2020-இல் முகமது சித்திக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இதே விதி, மோதிவிட்டு ஓடிப்போன வண்டி விஷயத்திலும் கைகொடுக்கிறது. லாரி நிற்காமல் போய்விட்டது, நம்பர் தெரியவில்லை. பேருந்து டிரைவரிடம் ஓரளவாவது தவறு இருந்தது என்று நிரூபித்துவிட்டால், பயணி முழுத் தொகையையும் பேருந்துத் தரப்பிடம் கேட்கலாம். துளித் தவறும் பேருந்திடம் இல்லை என்றால் இந்த விதி உதவாது. கூட்டாளி என்று சொல்ல முதலில் அவரும் தவறு செய்திருக்க வேண்டும்.

பொறுப்பு உண்மையிலேயே தனித்தனியாகும் இடமும் உண்டு. முதல் விபத்தில் கால் முறிந்தது, சில வாரம் கழித்து வேறொரு வண்டி மோதிக் கை முறிந்தது என்றால், காலுக்கு முதல் வண்டி, கைக்கு இரண்டாவது வண்டி. சேதத்தைப் பிரிக்க முடிந்தால் பொறுப்பும் பிரியும். ஒரே மரணத்தை, ஒரே முறிவை இரண்டாகப் பிரிக்க முடியாது என்பதால்தான் அங்கே பொறுப்பும் பிரிவதில்லை.

எஃப்.ஐ.ஆரில் பெரும்பாலும் ஒரு டிரைவர் பெயர்தான் இருக்கும். அதைப் பார்த்து அவர் ஒருவரே குற்றவாளி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். முடிந்த முடிவல்ல. சம்பவ இடத்து வரைபடத்தில் வண்டிகள் சாலையின் எந்தப் பக்கத்தில் கிடந்தன, மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில் எந்த வண்டிக்கு எந்தப் பக்கம் அடி என்று பார்த்தால் இரண்டாவது வண்டியின் தவறு தெரியவரும். லோக் அதாலத்தில் ஒரு கம்பெனி மட்டும் சமரசத்துக்கு வரும்போதும் கவனம் தேவை. ஒருவரிடம் ஒரு பகுதியை வாங்கியதால் மட்டும் மற்றவர் விடுபட்டுவிட மாட்டார், முழு இழப்பீடும் கைக்கு வந்திருந்தால்தான் விடுபடுவார் என்று உச்ச நீதிமன்றம் 1969-இலேயே குஷ்ரோ காந்தி வழக்கில் கூறியிருக்கிறது. ஆனால் "முழுத் திருப்தியாகப் பெற்றுக்கொண்டேன்" என்று நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

ஆகவே மனு போடும் முன் உங்கள் வக்கீலிடம், இரண்டு வண்டிகளின் உரிமையாளர்களையும் இன்சூரன்ஸ் கம்பெனிகளையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். தீர்ப்பு நகல் வந்ததும் கடைசிப் பத்தியை வாசித்து, "கூட்டாகவும் தனித்தனியாகவும்" என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் 90 நாள் கடப்பதற்குள் மேல்முறையீடு செய்யச் சொல்லுங்கள்.