41,000 ரூபாயை எங்கே போடுவது, சார்?

பிளஸ் ஒன் மாணவன் ஒருவன் ஆண்டுத் தேர்வு முடிகிற நேரத்தில் நோட்டுத் தாளில் ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தான். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வு, அதாவது தேசிய வருவாய் வழி மற்றும் தகுதி படிப்பு உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேறியவன். அதில் தேறியவர்களுக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வந்துவிடும். மூன்று வருடப் பணம் 36,000 தொடாமல் கிடக்கிறது. பேச்சுப் போட்டியில் கிடைத்த 5,000 தனி. “மாமா பையன் ஷேரில் போடச் சொல்கிறான். போடலாமா சார்?” என்று கேட்டிருந்தான். அவனுக்கு எழுதிய பதிலைக் கேட்டு இன்னும் சில பெற்றோர் வந்ததால், வீட்டு அடையாளங்களை எடுத்துவிட்டு இங்கே தருகிறேன்.

அன்புள்ள தம்பி,

எங்கே போடுவது என்பதற்கு முன்னால், இந்தப் பணம் எந்த மாதம் கையில் வேண்டும் என்று கேட்டுக்கொள். உனக்கு அது அடுத்த வருடம் மே, ஜூன். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் விண்ணப்பம், கலந்தாய்வு, கல்லூரிச் சேர்க்கை, விடுதி என்று அடுத்தடுத்து வரும். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும், உண்மைதான். ஆனால் அது கல்லூரியில் சேர்ந்த பிறகு வருகிற பணம். சேரும் வாரத்தில் கேட்கிற பணம் உன் கையில் இருக்க வேண்டும். ஆக, உன்னிடம் இருப்பது 13 மாதம்.

ஷேர் மார்க்கெட்டை நான் சூதாட்டம் என்று சொல்ல மாட்டேன். 2020-இல் நடந்ததை மட்டும் பார். அந்த ஜனவரி நடுவில் நிஃப்டி குறியீடு 12,362. உன்னைப் போல ஒருவன் அன்றைக்கு 41,000 ரூபாயை அந்தக் குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டில் போட்டான் என்று வைத்துக்கொள். கொரோனா வந்தது. மார்ச் 23 அன்று நிஃப்டி 7,610. அவன் பணம் 25,200 சொச்சம். ஜூன் முதல் தேதி 9,800-ஐத் தாண்டியிருந்தது. அப்போது விற்றிருந்தால் 32,600 ரூபாய் அளவுக்குக் கிடைத்திருக்கும். நவம்பரில் குறியீடு பழைய இடத்துக்கே வந்துவிட்டது. ஐந்து வருடம் விட்டிருந்தால் ஏறக்குறைய இரட்டிப்பு. காத்திருக்க முடிந்தவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஜூனில் ஃபீஸ் கட்ட வேண்டியவனுக்கு 8,400 ரூபாய் போயிற்று. இரண்டு பேர் வாங்கியதும் ஒன்றுதான். ஒருவனுக்குத் தேதி இருந்தது, மற்றவனுக்கு இல்லை, அவ்வளவுதான். உனக்குத் தேதி இருக்கிறது. அதனால் இந்தப் பணத்தைப் பொறுத்தவரை வேண்டாம்.

மாமா பையன் தன் கணக்கிலேயே போட்டுத் தருகிறேன் என்கிறானாமே, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 18 வயது ஆகாதவர் பெயரில் டீமேட் கணக்கைப் பெற்றோர் வழியாகத் திறக்கலாம். ஆனால் அவன் சொல்கிற மாதிரி காலையில் வாங்கி மாலையில் விற்கிற வியாபாரம் அதில் செய்ய முடியாது. அவன் கணக்கில் போட்டால் சட்டப்படி அது அவன் பணம். லாபம் வந்தால் பங்கு கிடைக்கலாம். நஷ்டம் வந்தால் உறவும் சேர்ந்து கெடும். அவன் ஆசைப்படுகிற ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று செபியே கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது. அவனுக்கும் இதைக் காட்டு.

இனி நீ கேட்காத ஒன்று. போன மாதம் உன் அம்மா என்னிடம் பேசும்போது, சங்கிலி அடகில் இருப்பதைச் சொன்னார். 18,000 ரூபாய், இரண்டு வட்டி. நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் கேட்கச் சின்னதாக இருக்கும். வருடத்துக்கு அது 24 சதவீதம். மாதம் 360, வருடம் 4,320 ரூபாய் அந்த அடகுக்கடைக்குப் போகிறது. அதே 18,000-ஐ நீ தபால் ஆபீஸில் ஒரு வருடம் போட்டால் 1,274 ரூபாய் வட்டி வரும். ஒரே வீட்டில் ஒரு கை 1,274 வாங்குகிறது, இன்னொரு கை 4,320 கொடுக்கிறது. இந்தச் சங்கிலியை மீட்பதுபோல் நிச்சயமாக 24 சதவீதம் மிச்சப்படுத்தித் தருகிற முதலீடு எதுவும் எனக்குத் தெரிந்து நாட்டில் இல்லை. 24 சதவீதம் நிச்சயமாகத் தருகிறேன் என்று எவராவது வந்தால் பெருந்துறைப் பக்கம் கேட்டுப் பார். 2012-இல் ஈமு கோழியை நம்பிப் பணம் கட்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பையன் ஸ்காலர்ஷிப் பணத்தில் கைவைக்க உன் அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார் என்பதும் தெரியும். அதற்கும் வழி உண்டு. காலையில் உன் பணத்தில் சங்கிலியை மீட்டு, அன்றைக்கே அதைக் கூட்டுறவு வங்கியிலோ வேறு வங்கியிலோ அம்மா பெயரில் அடகு வைத்து, வருகிற பணத்தை உன் கணக்கில் திருப்பிப் போட்டுவிடலாம். வங்கிகளில் நகைக்கடன் வட்டி பெரும்பாலும் மாதம் ஒரு வட்டிக்குள்தான். 360 கொடுக்கிற இடத்தில் 180-க்குக் கீழே வந்துவிடும். சங்கிலி ஒரு பவுனுக்கு மேல் என்றார். இன்றைய தங்க விலைக்கு 18,000 கொடுக்க வங்கி யோசிக்காது. மதிப்பீட்டாளர் கட்டணம் என்று கொஞ்சம் பிடிப்பார்கள், அவ்வளவுதான்.

இரண்டில் எதைச் செய்வது என்பதை அம்மா முடிவு செய்யட்டும். என்னைக் கேட்டால் நேராக மீட்டுவிடுவதே மேல். ஒரு வட்டி என்றாலும் அது வருடம் 12 சதவீதம், உன் டெபாசிட் தருவதைவிட அதிகம். அடுத்த ஜூனில் பணம் போதவில்லை என்றால் அப்போது சங்கிலியை வங்கியில் வைத்துக்கொள்ளலாம். அதுவரை வட்டி இல்லை. சங்கிலியும் வீட்டில் இருக்கும்.

மீட்கப் போகும்போது அடகு ரசீதை மறக்காமல் எடுத்துப் போங்கள். ரசீதில் கிராம் கணக்கு எழுதியிருக்கும். பணத்தைக் கொடுக்கும் முன் சங்கிலியைக் கண் முன்னால் எடை போடச் சொல்லுங்கள். பாக்கி வட்டி எத்தனை மாதத்துக்கு என்று தேதி வைத்துக் கணக்குப் பாருங்கள். பல கடைகளில் முதல் மாத வட்டியைக் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்வார்கள். அதை இரண்டாம் முறை சேர்த்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

மீதி 23,000. இதில் 15,000 ரூபாயை ஒரு வருட டெபாசிட்டில் போடு. தபால் ஆபீஸில் இந்த டெபாசிட்டுக்கு 2023 ஜூலையிலிருந்து 6.9 சதவீதம் வட்டி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு வட்டியை மாற்றலாம்; ஆனால் நீ போட்ட நாளில் என்ன வட்டியோ அது கடைசிவரை மாறாது. காலாண்டுக்கு ஒருமுறை கூட்டிக் கணக்கிடுவதால் பத்தாயிரத்துக்கு 708 வரும். உன் 15,000 அடுத்த ஏப்ரலில் 16,062 ஆகும். பத்து வயது தாண்டியவர்கள் தங்கள் பெயரிலேயே இதைத் தொடங்கலாம். தபால் ஆபீஸ் தூரம் என்றால் உன் வங்கியிலேயே போடு. வட்டி கொஞ்சம் குறையும். 15,000-க்கு நூறு ரூபாய் பக்கம்தான் வித்தியாசம். ஒன்றை மட்டும் நினைவில் வை: தபால் டெபாசிட்டை முதல் ஆறு மாதம் எடுக்கவே முடியாது. ஆறு மாதத்துக்கு மேல், ஒரு வருடத்துக்குள் எடுத்தால் சேமிப்புக் கணக்கு வட்டியான 4 சதவீதம்தான் தருவார்கள். அதனால்தான் 3,000 ரூபாயைச் சேமிப்புக் கணக்கிலேயே விடச் சொல்கிறேன். கைடு, தேர்வுக் கட்டணம், திடீர்ச் செலவுக்கு அது.

தபால் ஆபீஸில் இன்னொரு விஷயத்தைக் கவனி. அங்கே இரண்டு விதமான கணக்கு உண்டு. அஞ்சல் சேமிப்புக் கணக்கு ஒன்று. அஞ்சல் பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கு இன்னொன்று. இரண்டாவதை ஆதாரும் கைரேகையும் வாங்கிச் சில நிமிஷத்தில் திறந்துவிடுவார்கள். அப்போது “அரசு மானியம் இந்தக் கணக்குக்கு வரட்டுமா” என்கிற இடத்தில் நீ தலையாட்டினால், அடுத்த ஸ்காலர்ஷிப் பணம் அங்கே போய்விடும். ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், மானியத்துக்கென்று கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தாயோ அங்கேதான் போகும். பணம் வரவில்லை என்று அழுதுகொண்டு வரும் பிள்ளைகளில் பலருக்குப் பணம் வேறு ஒரு கணக்கில் பத்திரமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். புதுக் கணக்கு எங்கே திறந்தாலும், மானிய இணைப்பை மாற்ற வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்.

ஏனென்றால் உனக்கு இன்னும் ஒரு 12,000 பாக்கி இருக்கிறது. பிளஸ் ஒன்னில் முதல் முறையிலேயே தேறியிருக்க வேண்டும். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதுப்பித்தலும் செய்ய வேண்டும். வருடா வருடம் ஏதாவது ஒரு பிள்ளை இந்தப் புதுப்பித்தலை விட்டுவிடும். 15,000-த்துக்கு 1,062 வட்டி வாங்க இவ்வளவு யோசிக்கிறோம், ஒரு விண்ணப்பத்தை விட்டால் போவது 12,000. பள்ளி திறந்ததும் ஆபீஸில் கேள், சொல்வார்கள் என்று இருக்காதே.

அதுவும் வந்துவிட்டால் அடுத்த மே மாதம் உன்னிடம் 28,000 ரூபாய் இருக்கும், அம்மாவிடம் சங்கிலி இருக்கும். மாதம் 360 வட்டி கட்டாததில் வீட்டில் நாலாயிரத்துக்கு மேல் மிச்சமாகியிருக்கும். அது செலவாகிவிட்டாலும் குற்றமில்லை, வீட்டுக்குத்தானே.

பேச்சுப் போட்டி 5,000-த்தை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. அது நீ பேசி வாங்கியது. சைக்கிள் செயின் மூன்று முறை அறுந்ததாகச் சொன்னாயே, அதை முதலில் சரி பண்ணு. மிச்சத்தில் ஷேர் ஆசையைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்றால் அம்மாவைக் காப்பாளராக வைத்து ஒரு குறியீட்டு ஃபண்டில் 1,000 போடு, காலேஜ் முடியும்வரை எடுக்க மாட்டேன் என்கிற எண்ணத்தோடு. 18 வயது ஆனதும் அந்தக் கணக்கு முடக்கப்படும். உன் பான் கார்டு, கேஒய்சி கொடுத்து உன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பயந்துவிடாதே.

தபால் ஆபீஸுக்குப் போகும்போது ஆதார் அசலும் நகலும், இரண்டு போட்டோ, அம்மாவின் பான் கார்டு எடுத்துப் போ. மதியத்துக்கு முன்னால் போய்விடு, கவுன்ட்டரில் பண வேலையை மாலைவரை வைத்திருக்க மாட்டார்கள்.