ஏசி ரூம்ல செடி நுனி காயுதா? உடனே தண்ணீர் ஊத்தாதீங்க!

பெட்ரூமில் இருக்கும் அரிகா பாம் இலையின் நுனி பழுப்பாகி மொறுமொறுன்னு காய்ந்தால், பலரும் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஏசி ஓடும் அறையில் பிரச்னை பெரும்பாலும் காற்றில்தான். ஏசி காற்றிலுள்ள ஈரத்தையும் வடித்துவிடும். வெளியே குழாயில் சொட்டுவது அதுதான். வறண்ட காற்று இலையின் ஈரத்தை இழுக்க, வேரிலிருந்து தூரத்தில் இருக்கும் நுனி முதலில் காய்கிறது. குளிர்ந்த அறையில் தொட்டி மண் மெதுவாகத்தான் உலரும். அதில் இன்னும் ஊற்றினால் வேர் அழுகி, இலைகள் மஞ்சளாகித் தொய்யும்.

விரலை 2 அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்க. ஈரம் இருந்தா தண்ணீர் வேண்டாம். ஏசி போட்டதும் இலை ஆடுதா? தொட்டியை வேறு மூலைக்கு மாத்துங்க. ஸ்பிரே அடிக்கிற ஈரம் சில நிமிஷத்தில் போயிடும். நாலைந்து தொட்டிகளை நெருக்கி வைப்பது அதைவிடப் பரவாயில்லை. காய்ந்த நுனி மறுபடி பச்சையாகாது. புது இலை எப்படி வருதுன்னு பாருங்க.