தட்டு அவர்களுடையது, பொறுப்பு எங்களுடையது

ரொறன்ரோவைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளுக்கு நட், போல்ட், வாஷர் விநியோகிக்கும் ஒரு கொம்பனியில் எனக்கு வேலை. என்ன வேலை என்று கேட்பவர்களுக்குச் சொன்னால், பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். வாங்குகிறவரின் தொழிற்சாலைக்கு நாங்களே போய், அவருடைய தட்டுகளைப் பார்த்து, எது குறைந்திருக்கிறதோ அதை அவர் கேட்காமலே நிரப்பிவிட்டு வருவோம். அவரிடமிருந்து ஓடர் என்று ஒன்று வராது. ஆங்கிலத்தில் இதை வெண்டர் மனேஜ்ட் இன்வென்ரரி என்பார்கள், சுருக்கமாக வி.எம்.ஐ. தமிழில் சொல்வதானால், விற்பவரே பார்த்துக்கொள்ளும் இருப்பு.

ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. பேக்கரி வான் காலையில் கடை வாசலில் வந்து நிற்கும். கொண்டுவந்தவர் கண்ணாடி அலுமாரியைத் திறந்து, பணிஸ் எத்தனை மிச்சம் என்று தானே எண்ணி, பழையதை எடுத்து, புதியதை அடுக்கிவிட்டுப் போவார். முதலாளி கல்லாவை விட்டு எழும்பவே தேவையில்லை. இந்த முறையைத்தான் 1980களின் பிற்பகுதியில் வால்மார்ட்டும் புரொக்டர் அண்ட் காம்பிள் நிறுவனமும் குழந்தைகளின் பாம்பர்ஸ் விற்பனையில் கணினித் தரவு கொண்டு பெரிய அளவில் செய்து காட்டின. இன்றைக்குத் தொழிற்சாலை, வைத்தியசாலை என்று பல இடங்களிலும் இது நடக்கிறது.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சின்னதாகத் தொழில் நடத்தும் எனக்குத் தெரிந்த இரண்டு தமிழர்கள், ஒருவர் பொதிசெய்யும் பொருட்கள் விற்பவர், மற்றவர் கையுறை, முகக்கவசம் விற்பவர், அண்மையில் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். "பெரிய இடம் ஒன்று வி.எம்.ஐ. கேட்குது அண்ணை, கையெழுத்து வைக்கலாமோ?" வைக்கலாம். ஆனால் அந்தக் கையெழுத்தோடு எது உங்கள் தலைக்கு வருகிறது, எது வராமல் வாங்குகிறவரிடமே தங்கிவிடுகிறது என்று முதலில் விளங்கவேண்டும்.

கணக்கோடு சொன்னால் இலகு. ஒரு தொழிற்சாலை நாளொன்றுக்கு 400 போல்ட் பாவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் ஐந்து நாள் வேலை. நான் ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் போய் எண்ணுகிறேன். சாமான் புதன்கிழமை காலை போய்ச் சேரும். அப்படியென்றால் இந்தத் திங்கள் நான் எடுக்கும் முடிவு, அடுத்த திங்களில் எண்ணி அதற்கு அடுத்த புதனில் சாமான் வரும் வரைக்கும் தாங்கவேண்டும். ஐந்தும் இரண்டும் ஏழு வேலை நாள். ஏழு நாளுக்கு 2,800 போல்ட். அவசரத்துக்கு இரண்டு நாள் பாவனை, 800. மொத்தம் 3,600. இதுதான் அந்தப் போல்ட்டுக்கான எங்கள் உச்ச அளவு. திங்கட்கிழமை எண்ணும்போது 1,600 இருந்தால் 2,000 அனுப்புவேன். 1,500 இருந்தால் 2,100. வேலையின் இதயம் இவ்வளவுதான், இதில் மந்திரம் எதுவும் இல்லை.

இனி அதே தொழிற்சாலைக்குப் பெரிய ஓடர் ஒன்று கிடைக்கிறது. புதன்கிழமையிலிருந்து இரண்டாவது ஷிப்ட் தொடங்குகிறார்கள். நாளுக்கு 400 என்பது 800 ஆகிறது. திட்டம் போடும் அலுவலகத்துக்கு இது இரண்டு வாரத்துக்கு முன்பே தெரியும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. புதன் காலை எங்கள் சாமான் இறங்கியதும் தட்டில் 2,800 இருக்கும். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளில் 2,400 போய்விடும். திங்கள் காலை நான் போனால், 1,600 இருக்கவேண்டிய இடத்தில் 400 கிடக்கும். அது அன்று மத்தியானத்துக்கு மேல் வராது. வழமைப்படி நான் எழுதும் 3,200 போல்ட்டும் புதன்கிழமைதான் வரும். இடையில் ஒன்றரை நாள், சில சதம் பெறுமதியான ஒரு போல்ட்டுக்காக உற்பத்தி வரிசை நிற்கவேண்டும். நிற்காமல் இருக்க நாங்கள்தான் தனி வாகனம் பிடித்து ஓடவேண்டும்.

அப்போது தொலைபேசியில் வரும் கேள்வி ஒன்றுதான்: "தட்டைப் பார்ப்பது உங்கள் பொறுப்புத்தானே?" உண்மைதான். ஆனால் தட்டு நேற்று வரை போனதை மட்டும்தான் சொல்லும். நாளைக்கு என்ன வரப்போகிறது என்பது தட்டில் இல்லை, அவர்களுடைய திட்டப் பலகையில் இருக்கிறது. முன்பே தெரிந்திருந்தால் உச்ச அளவை 7,200 ஆக்கி, முந்தின திங்கள் 2,000க்குப் பதிலாக 5,600 அனுப்பியிருப்போம். ஒரே ஒரு மின்னஞ்சலில் முடிந்திருக்கும் விஷயம்.

என்னுடைய அனுபவத்தில் இந்தச் செய்தி பல முறை எனக்கு வந்த வழி வேறு. வரிசையில் நிற்கிற எங்கட தம்பி ஒருவர் தேநீர் நேரத்தில் சொல்வார், "அண்ணை, வாற கிழமையிலயிருந்து எங்களுக்கு ரெண்டு ஷிப்ட், தெரியுமோ?" அந்தத் தம்பி லீவில் நின்றால் செய்தியும் லீவு. ஒரு தொழில் இப்படி ஓடக்கூடாது. அதனால் நான் முதலில் சொல்வது: பாவனை இவ்வளவு வீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ போனால் இத்தனை நாளுக்கு முன் எழுத்தில் அறிவிக்கவேண்டும், அறிவிக்காவிட்டால் அவசரப் போக்குவரத்துச் செலவு வாங்குகிறவருடையது என்று ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும்.

தட்டின் அடியில் தராசு வைத்தால் சரிவராதா என்று கேட்பீர்கள். இப்போது அப்படியான பெட்டிகள் உண்டு. எடையை வைத்து எண்ணிக்கையை இரவோடிரவாக எங்களுக்கு அனுப்பும். மேலே சொன்ன கதையில் அது வியாழன் காலையிலேயே 2,400க்குப் பதில் 2,000 என்று காட்டியிருக்கும். வெள்ளி காலை 2,000க்குப் பதில் 1,200. இரண்டு வேலை நாள் மிச்சம். நல்ல உதவிதான். ஆனால் யாரோ ஒருவர் 300 கிராம் ஸ்பானரை அந்தப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனால், போல்ட் ஒன்று 15 கிராம் என்ற கணக்கில், தராசு இருபது போல்ட் கூடிவிட்டது என்று சொல்லும். நிரப்பாத நாளில் எண்ணிக்கை ஏறினால், போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.

அதைவிட மோசமானது, தட்டையே பார்க்காமல் வாங்குகிறவரின் கணினி சொல்வதை மட்டும் நம்பி நிரப்புவது. பல தொழிற்சாலைகளில் போல்ட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது யாரும் பதிவதில்லை. ஒரு இயந்திரம் செய்து முடிந்ததும், அதற்கு 12 போல்ட் என்று கணினி தானாகக் கழித்துக்கொள்ளும். கீழே விழுந்தது, மரை அழிந்தது, அவசரத்துக்குப் பக்கத்து வரிசைக்காரர் எடுத்தது எல்லாம் கணக்கில் வராது. கணினியில் 600 இருக்கும், பெட்டி வெறுமையாய்க் கிடக்கும். எங்களுக்கு வரும் கோப்பிலும் 600தான். நிரப்பத் தேவையில்லை என்று நாங்கள் சும்மா இருப்போம்.

இதை எப்படிப் பிடிப்பது? நாள்தோறும் பாவிக்கும் ஒரு பொருளின் எண்ணிக்கை சில நாளாக அசையாமல் நின்றால் சந்தேகப்படுங்கள். அது தீர்ந்துபோயிருக்கலாம். மாதக்கணக்கில் கழிவது எல்லாம் சரியாகப் பன்னிரண்டின் மடங்காகவே இருந்து, ஒரு போல்ட்கூடத் தொலையவில்லை என்றாலும் சந்தேகப்படுங்கள். மனிதர் வேலை செய்யும் இடத்தில் அவ்வளவு துப்புரவான கணக்கு வராது. மருந்து ஒன்றுதான்: ஒவ்வொரு வருகையிலும் சில பெட்டிகளை இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்து கையால் எண்ணுவது.

அடுத்தது பணம். வி.எம்.ஐ. என்பது யார் நிரப்புவது என்பதைப் பற்றியது மட்டுமே. தட்டில் கிடக்கும் சாமான் யாருடையது என்பது வேறு கேள்வி. இறக்கியவுடன் பில் போடலாம், அப்போது அது அவர்களுடையது. அல்லது அவர்கள் எடுத்துப் பாவித்த பிறகுதான் பில், அதுவரை உங்களுடையது. இந்த இரண்டாவதைக் கன்சைன்மென்ட் என்பார்கள். பெரிய இடங்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டித்தான் பெரும்பாலும் நீட்டும், ஒரே விஷயம் போலவே பேசும்.

சின்ன முதலாளிக்கு அந்த வித்தியாசம் எவ்வளவு? 300 வகைப் பொருள், வகைக்குச் சராசரி 500 டொலர் சாமான் தட்டில் நிற்கிறது என்றால், 150,000 டொலர் உங்கள் காசு வேறொருவரின் கட்டடத்துக்குள் நிற்கிறது. வங்கி வட்டி உங்களுக்கு. தொலைந்தால் யாருக்கு என்று எழுதியிருக்கவேண்டும். அவர்கள் வடிவமைப்பை மாற்றி அந்தப் போல்ட்டே வேண்டாம் என்றால், மிஞ்சிய 3,600ஐயும் யார் எடுப்பது என்றும் எழுதியிருக்கவேண்டும். இருவரும் ஒத்துக்கொண்ட உச்ச அளவு வரைக்கும் வாங்குகிறவர் எடுத்துக்கொள்வது என்பது நியாயமான வரி. அதற்கு மேல் நீங்களாக அடுக்கினால் அது உங்கள் பாடு. வாங்குகிறவர் வங்குரோத்தானால் உங்கள் சாமானை மீட்க முன்கூட்டியே பதிவு ஏதும் செய்யவேண்டுமா என்பதைக் கையெழுத்துக்கு முன் சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இது நாட்டுக்கு நாடு, மாகாணத்துக்கு மாகாணம் மாறும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, இது வாங்குகிறவருக்கு மட்டும்தான் லாபம் என்று நினைத்துவிடாதீர்கள். ஓடர் வரும் வரை காத்திருந்த காலத்தில், மூன்று வாரம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு நாலாவது வாரம் ஒரேயடியாக 8,000 கேட்பார்கள். நாங்கள் அதற்காகக் களஞ்சியத்தை நிரப்பி வைத்திருக்கவேண்டும். இப்போது உண்மையில் நாளுக்கு 400 போகிறது என்பது எங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. எங்கள் கொள்வனவையும் அதற்கேற்ற மாதிரிச் சமமாகச் செய்யலாம். ஒரே பயணத்தில் பல பொருளை ஏற்றலாம். தட்டை நீங்களே நிரப்பும் இடத்தில், பத்து சதம் குறைத்து வேறொருவர் வந்தால் உங்களை உடனே தூக்கி எறிவதும் அவ்வளவு சுலபமில்லை.

ஆகவே கேட்ட அந்த இரண்டு பேருக்கும் நான் சொன்னது இதுதான். எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் ஏற்காதீர்கள். பாவனை சீராக இருக்கும் இருபது பொருளோடு மூன்று மாதம் ஓடிப் பாருங்கள். முதல் நாள் வாங்குகிறவரின் ஆளையும் பக்கத்தில் வைத்து இருபதையும் கையால் எண்ணி, இருவரும் கையெழுத்து வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உற்பத்தித் திட்டத்தை அனுப்பப்போவது யார் என்று கேளுங்கள். "எங்கள் திணைக்களம்" என்று பதில் வந்தால் விடாதீர்கள். ஒரு ஆளின் பெயர் வேண்டும், அவர் லீவில் நின்றால் அனுப்புகிறவரின் பெயரும் வேண்டும்.