டிரிப்ஸ் ஏறும் கையில் சாம்பிள் எடுத்தால்

அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் முடிந்து மறுநாள் காலை. நோயாளிக்கு வயது 30, சர்க்கரை நோய் கிடையாது. இடது புறங்கையில் வென்ஃப்ளான், அதில் டெக்ஸ்ட்ரோஸ் கலந்த சலைன் ஏறிக்கொண்டிருக்கிறது. பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் அதே கையின் முழங்கை மடிப்பில் நல்ல சிரையைப் பார்க்கிறார். ஊசி முதல் குத்திலேயே இறங்குகிறது. ஒரு மணி நேரத்தில் லேபிலிருந்து போன் வருகிறது: சர்க்கரை 599.

எந்த வார்டிலும் நடக்கக்கூடியதைக் காட்ட அமைத்த கணக்கு இது. அவருடைய உண்மையான சர்க்கரை 110தான்.

தமனி வழியே விரல்நுனி வரை போன ரத்தம், சிரை வழியே தோள் பக்கமாகத் திரும்பி இதயத்துக்குப் போகிறது. புறங்கையில் ஏற்றும் திரவமும் அதே வழியில்தான் போயாக வேண்டும். முழங்கையில் காத்திருக்கும் ஊசிக்குள் ரத்தத்தோடு அதுவும் வந்துவிடுகிறது. டிரிப்ஸுக்கு ‘மேலே’ என்றால் தோள் பக்கம் என்று பொருள். கை கட்டிலில் கிடந்தாலும் கீழே தொங்கினாலும் அது மாறாது. ஒரு சாண் தள்ளிக் குத்தினோமே என்ற சமாதானமும் செல்லாது.

கலப்பது கொஞ்சம்தானே என்று தோன்றும். அந்தப் பாட்டிலில் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் இருக்கிறது. அதாவது 100 மில்லியில் 5,000 மில்லிகிராம். ரத்தத்தில் இருப்பதோ நூறை ஒட்டிய அளவு. குழாயில் பிரியும் சீரத்தில் பத்தில் ஒரு பங்கு டிரிப்ஸ் என்று வைத்துக்கொள்வோம். ரத்தத்தின் பங்காக 99, பாட்டிலின் பங்காக 500. கூட்டினால் 599.

இதை நம்பி இன்சுலின் போட்டால், 110இல் இருக்கும் சர்க்கரை தாழ்ந்து நோயாளி மயங்கிப் போகலாம்.

லேபில் அனுபவம் உள்ளவர் சர்க்கரையோடு நிற்காமல் பக்கத்து எண்களையும் பார்ப்பார். பாட்டிலில் இல்லாத பொருள்கள் எல்லாம் ஒரே விகிதத்தில் நீர்த்திருக்கும். பொட்டாசியம் 4 இருந்தது 3.6 ஆகியிருக்கும், யூரியா 30 இருந்தது 27, கால்சியமும் அதே பங்கு குறைந்திருக்கும். சோடியம் மட்டும் ஏமாற்றும். சலைனில் லிட்டருக்கு 154 இருப்பதால் 140 என்பது 141 ஆகும், அவ்வளவுதான். நேற்றைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டால் சந்தேகம் வலுக்கும். மறு கை விரல்நுனியில் குளுக்கோமீட்டர் வைத்தால் சில நொடிகளில் தெளிந்துவிடும்.

பாட்டிலில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். 500 மில்லியில் 20 மில்லி ஈக்விவேலன்ட் கொண்ட ஓர் ஆம்பியூல் போட்டால் லிட்டருக்கு 40. அதே பத்தில் ஒரு பங்கு கலந்தால் ரிப்போர்ட் 7.6 காட்டும். இதயம் நின்றுவிடும் என்று பயந்து மருத்துவம் தொடங்கும் அளவு அது. வெறும் சலைன் கலந்தால் இப்படி அலறல் எதுவும் இருக்காது. ஹீமோகுளோபின் சத்தமில்லாமல் குறையும், தேவையில்லாத ஒரு யூனிட் ரத்தம் ஏறக்கூடும். பிடிபடாமல் தப்புவது பெரும்பாலும் இந்த வகைதான்.

சரியான வழி எளிது: மறு கையில் எடுப்பது. டிரிப்ஸ் அங்கேயும் போய்ச் சேராதா என்றால், சேரும். ஆனால் இதயத்தையும் நுரையீரலையும் சுற்றி, உடலின் மொத்த ரத்தத்தோடு கலந்த பிறகே சேரும். அப்போது வரும் எண் நோயாளியின் அந்த நேரத்து உண்மையான அளவு.

மறு கையிலும் டிரிப்ஸ், அல்லது அங்கே டயாலிசிஸ் ஃபிஸ்டுலா இருந்தால்? டாக்டரிடம் சொல்லிவிட்டு டிரிப்ஸைக் குறைந்தது 2 நிமிடம் நிறுத்த வேண்டும். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் போன்ற மருந்து ஓடினால் அதை நர்ஸ் தானாக நிறுத்தவே கூடாது. பிறகு வென்ஃப்ளானுக்குக் கீழே, அதாவது விரல் பக்கம், டூர்னிக்கேவைக் கட்டி, அதற்கும் கீழே இருக்கும் சிரையில் குத்த வேண்டும். முதலில் வரும் சுமார் 5 மில்லியைத் தள்ளிவிட்டு அடுத்ததைக் குழாய்களில் நிரப்பலாம். டூர்னிக்கேவைக் கழற்றியதும் டிரிப்ஸைத் திரும்பத் திறக்க மறக்கக் கூடாது. எந்தக் கை, எந்த திரவம், எவ்வளவு நேரம் நிறுத்தியது என்று சீட்டில் எழுதுவது லேபுக்குப் பெரிய உதவி. காலில் எடுப்பது டாக்டர் சொன்னால் மட்டுமே. சர்க்கரை நோயாளிகளுக்கு அந்தக் காயம் ஆறாமல் படுத்தும்.

தவறான இடத்தில் எடுத்த சாம்பிள் ஏற்கெனவே போய்விட்டது என்றால், நர்ஸ் உடனே லேபுக்குப் போன் செய்து ரிப்போர்ட்டை நிறுத்தச் சொல்லி, ட்யூட்டி டாக்டருக்கும் தெரிவித்துவிட்டு, மறு கையில் புது சாம்பிள் எடுத்து அனுப்ப வேண்டும்.